குவைத் நேரம்

கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் செபாஸ்தியம்மாள் டீச்சருக்குத் தப்பான விடையைக் கண்டாலே ஆகாது. சுள்ளென்று கோபம் வந்துவிடும்.

வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் சுவரில் மூன்று கடிகாரங்களை மாட்டினார். நம்மூர் நேரத்தில் இரண்டரை மணி கழித்தால் குவைத், இரண்டரை மணி கூட்டினால் சிங்கப்பூர். தினமும் காலையில் பிள்ளைகளே கணக்குப் போட்டு முள்ளைச் சரிபார்க்க வேண்டும்.

நேற்று தமிழ்நிலா எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சர், சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா குவைத்துக்குப் போன் போட்டாங்க. 'இங்க நடுச்சாமம் ஆயிருச்சு, தூங்கணும்'னு அப்பா வெச்சுட்டாரு. கழிச்சுப் பார்த்தா நாலரைதானுங்க வருது?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"தப்பு கண்ணு. உக்காரு."

வகுப்பே விரல் விட்டுக் கழித்துப் பார்த்துவிட்டு, "சரிதானுங்க டீச்சர்! நாலரைதான்!" என்று கத்தியது. இருபது வருஷத்தில் முதல்முறையாக டீச்சருக்கு அதட்ட வாய் வரவில்லை.

தமிழ்நிலா மட்டும் கத்தவில்லை.

"தப்பாவே இருக்கட்டுமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.