நடந்து வந்த தட்டு

செல்வநாயகி அக்காவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவர் மேல் இல்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல். ஜப்பான்காரன் காலத்தில் நான் பினாங்கில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் அந்த மேசை முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த மாதிரி வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. என்னைப் போய் யாராவது பேசாமல் இருக்கச் சொல்வார்களா? அக்கா சொன்னார். நானும் இருந்தேன்.

பினாங்கு டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு வேலி, அதிலும் பாதி விறகுக்குப் போய்விட்டது. அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அக்காவின் கணவர் ஏரம்பமூர்த்தி துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே நாற்காலிதான். என் வீட்டுக்காரர் பிச்சைமுத்துவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர் போனவர்தான், ஒரு சேதி இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் கொல்லையெல்லாம் மரவள்ளி நட்டேன். கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். சமையல் அங்கே, சாப்பாடும் அங்கே.

அவர்களுக்கு ஒரே மகள், அருந்ததி. ஐந்து வயது. அந்தப் பிள்ளை வாயில் எதுவும் இறங்காது. வெள்ளைச் சோறு, அதன் மேல் துருவின தேங்காய்ப்பூ, ஒரு கல் உப்பு. அவ்வளவுதான். மீன் என்றால் மூக்கைப் பொத்தும். கீரை ஒரு இழை சோற்றில் பட்டால் அந்தக் கவளத்தையே தள்ளிவிடும். நல்ல காலத்தில் அது செல்லம். அரிசி பங்கீட்டில் வர ஆரம்பித்து, அந்தப் பங்கீடும் மாதத்துக்கு மாதம் தேய ஆரம்பித்தபோது அது செல்லமாக இருக்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் மரவள்ளிதான் சோறு. அதை மட்டும் அந்தப் பிள்ளை தொடாது.

"இது எங்களுக்கில்லை" என்று சொல்லும். எவ்வளவு திமிர் பாருங்கள்! விலா எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிகிறது, பேச்சு மட்டும் ராணி மாதிரி.

அக்கா தன் பங்கு அரிசியையும் அதற்கே வடித்தார். அந்த அரிசியும் எத்தனை நாளுக்கு? கடைக்காரர் ஷேக் அலாவுதீன் அடுத்த முறை சாக்கு வருமா என்பதே தெரியாது என்று கையை விரித்துவிட்டார். சோறு நிற்பதற்குள் பிள்ளை கிழங்கு சாப்பிடப் பழக வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. எங்கள் தெருவில் ஏற்கெனவே சின்னச் சவப்பெட்டிகள் போயிருந்தன.

ஒரு நாள் மூர்த்தி ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. மகளை மடியில் இறுக்கி, மூக்கைப் பிடித்து, கிழங்கை வாயில் திணித்துவிட்டார். பிள்ளை அதைக் கக்கியது. அதோடு முன்பு சாப்பிட்ட சோற்றையும் கக்கியது. மறுநாள் சோற்றுத் தட்டைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ஐயா மனுஷன் நல்லவர்தான், பயம் அவரை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் நான் விடவில்லை.

"என்னாய்யா இது? கோழிக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துனா புள்ள எப்படித் திங்கும்லா?" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா தரையைத் துடைத்தார். துடைத்து முடித்து என்னிடம் சொன்னார்: "குணவதி, இனி ஒருத்தரும் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. நீரும்தான். சாப்பிடெண்டும் சொல்லாதேயும், வேண்டாமெண்டும் சொல்லாதேயும்."

"அப்ப எப்படித் திங்கும்?"

"அவளுக்குப் பயம் போகட்டும். பிறகு பாப்பம்."

அன்றிலிருந்து அந்த வீட்டு வழக்கம் மாறியது. முன்பெல்லாம் ஐயாவுக்கும் பிள்ளைக்கும் பரிமாறிவிட்டு அக்கா கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நானும் அவரோடுதான். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தோம். சோறும் கிழங்கும் தேங்காய்ப்பூவும் நடுவில் இருக்கும். பிள்ளைக்கு அதன் சோறு உண்டு. தட்டின் ஓரத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குக் கிழங்கு ஒரு துண்டு. சாப்பிட்டாலும் சரி, விட்டாலும் சரி. தேங்காய்ப்பூவை எல்லாருடைய கிழங்கிலும் தூவுவது பிள்ளையின் வேலை. அதை மட்டும் பெரிய மனுஷி மாதிரி செய்யும். நாங்கள் மழை பற்றிப் பேசுவோம், பூனை பற்றிப் பேசுவோம். கிழங்கு பற்றி மட்டும் பேச்சே கிடையாது. எனக்கு நாக்கு அரிக்கும். தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே ஒரு லாரிச் சத்தம் கேட்டால் பிச்சைமுத்துவோ என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். பிள்ளையின் தட்டில் துண்டு அப்படியே இருக்கும்.

பிள்ளை துண்டைப் பார்க்கவில்லை என்று நான் நினைத்தேன். அது பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. தன் அப்பாவின் தட்டை.

அந்தத் தட்டில் இரண்டு கைப்பிடிச் சோறு மட்டும்தான். கிழங்குச் சட்டி அவர் பக்கம் வந்தால் தள்ளிவிடுவார். "எனக்குப் பசியில்லை." அலுவலக இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளை போட்டிருந்தார், பசியில்லையாம்! அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதன்முதலில் நான் கிழங்கு கொண்டுவந்த அன்று இதே மேசையில் உட்கார்ந்து இதே ஐயா சொன்னார்: "இது எங்கட ஆக்கள் சாப்பிடுற சாமானோ? எங்களுக்கில்லை இது." பிள்ளை திமிர் பிடித்துப் பேசவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டு நடந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே கோபம்! அவரிடம் கேட்டுவிடலாம் என்று அடுப்படி வழியாகப் போனேன். அங்கே ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு தகரத் தட்டு. ஆறிப்போன கிழங்கை உப்பில் தொட்டுத் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தார், மென்றது போலவே தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. அக்கா. என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அவருக்கு மிச்சக் கிழங்கு மாதிரி மூடி வைக்கிறது நான்தான்" என்றார். "அடுப்புக்குப் பக்கத்தில. எடுத்துச் சாப்பிடுறார். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"அக்கா, புள்ள அவரைப் பாத்துத்தான் வேணாங்குது. போயிச் சொல்லுங்களேன், மேசையில உக்காந்து தின்னச் சொல்லி!"

"சொன்னா வெட்கத்தில அதையும் விட்டுடுவார். பிள்ளைக்குச் செய்யிறதைத்தான் அவருக்கும் செய்ய வேணும்."

பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தேன். கடையில் அரிசி இல்லை, இவர் புருஷனைப் பதமாகப் பழக்குகிறாராம்! ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தகரத் தட்டு நடக்க ஆரம்பித்தது. முதலில் அடுப்பை விட்டு விறகுப் பலகைக்கு வந்தது. ஐயா அங்கே நின்று சாப்பிட்டார். பிறகு அடுப்படி வாசலில் இருந்த முக்காலிக்கு வந்தது. அங்கே நின்றால் மேசை தெரியும், மேசையிலிருந்து அவரும் தெரிவார். அவர் இரண்டு நாள் அதைத் தொடாமல் பட்டினி கிடந்தார். எனக்கு உயிரே இல்லை. அக்கா தட்டைப் பின்னால் நகர்த்தவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் முக்காலியில் தட்டு காலியாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியானம், மேசையில், அவருடைய சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தகரத் தட்டு உட்கார்ந்திருந்தது. மூடி இல்லாமல்.

ஐயா அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அருந்ததி தேங்காய்ப்பூக் கிண்ணத்தோடு ஒவ்வொருவர் பக்கமாக வந்தது. அப்பா பக்கம் வந்ததும் நின்றது.

"அப்பா, இது எங்களுக்கில்லை எல்லோ?"

பூனைக் கதை நின்றுவிட்டது. ஐயாவின் முகம் சிவந்தது, கழுத்து வரைக்கும். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை" என்றார். "எங்களுக்குத்தான். தூவு."

பிள்ளை தூவியது. அவர் சாப்பிட்டார், எல்லாரும் பார்க்க. பிள்ளை தன் துண்டைத் தொடவில்லை. ஆனால் அடுத்த நாள் தொட்டது. மோந்தது. பிறகு ஒரு நாள் நக்கிப் பார்த்துவிட்டுக் கையில் துப்பியது. அக்கா துப்ப ஒரு வாழையிலைத் துண்டை ஓரமாக வைத்தார், அவ்வளவுதான். இன்னொரு நாள் ஒரு கடி கடித்து விழுங்கியும் விட்டது. ஐயாவால் தாங்க முடியவில்லை. "கெட்டிக்காரி! இன்னுமொரு வாய் சாப்பிடு, அப்பா உனக்குப் பொம்மை வாங்கித் தாறன்!" என்று கையைத் தட்டினார். பிள்ளை உடனே துண்டைக் கீழே வைத்துவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் திரும்பியும் பார்க்கவில்லை. ஐயா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அவரையும் திட்டவில்லை. என்ன பொம்பளை இது, கல்லா என்று எனக்குத் தோன்றியது. கொல்லையில் கிழங்கு உரிக்கும்போது பார்த்தேன், அவர் கையிலிருந்து கத்தி நழுவி நழுவி விழுந்தது.

பிறகு அரிசி நின்றது. ஷேக் அலாவுதீன் கடைக் கதவே திறக்கவில்லை. பானையில் கிடந்ததை வழித்து முந்தின நாள் பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்று அக்கா மரவள்ளி மாவில் புட்டு அவித்தார். மேசையில் புட்டு, தேங்காய்ப்பூ, உப்பு. அவ்வளவே.

அருந்ததி தன் தட்டைப் பார்த்தது. "சோறு எங்க?"

"இண்டைக்குச் சோறு இல்லை, குஞ்சு" என்றார் அக்கா. பொய் சொல்லவில்லை. "புட்டு இருக்கு. நிறையத் தேங்காய்ப்பூவும் இருக்கு."

யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் என் தட்டில் எத்தனை விரிசல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே லாரி ஒன்று போனது. முதல் தடவையாக நான் எழுந்து ஓடவில்லை. ஐயா தலையைக் குனிந்து புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பிள்ளை அப்பாவின் கையையே பார்த்தது. தேங்காய்ப்பூவை அள்ளித் தன் புட்டின் மேல் கொட்டியது. வெள்ளையாக மூடும் வரைக்கும் கொட்டியது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டது. மென்றது. இன்னொரு சிட்டிகை. பிறகு விரல் நிறைய. யாரும் கை தட்டவில்லை, யாரும் பொம்மை தருவதாகச் சொல்லவில்லை. அக்கா உப்புக் கிண்ணத்தை அதன் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

தட்டு காலியானது.

"இன்னும் இருக்கோ?" என்று கேட்டது பிள்ளை.

ஐயா எழுந்தார். யாரும் சொல்லாமலே அடுப்படிக்குள் போனார். முன்பு அவர் ஒளிந்து சாப்பிட்ட அதே இடம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், தோள் இரண்டும் குலுங்கின. அக்கா எழவில்லை, என்னையும் எழ விடவில்லை. பிறந்ததிலிருந்து சட்டி தூக்கியறியாத அந்த மனுஷன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புட்டுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மகளுக்குப் பரிமாறினார். பிறகு அக்காவின் தட்டில் வைத்தார். பிறகு எனக்கும்.

அப்போதும் நான் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.