முதல் நாள் எஞ்சின் ஓடாது

பாறசாலையில் சத்தியபாய் டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் எழுதியதில் ஊரே மனப்பாடமாகச் சொன்னது ஒரே ஒரு நோட்டீஸைத்தான். அதுவும் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கு எழுதியது. அதை எழுதியபோது டீச்சருக்குக் காரில் ஏறவே பயம்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவில் எல்லை எங்கே விழும் என்று தெரியாமல் கடைத்தெரு இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்த காலம். ஒரு வாரம் ஊர்வலம், மறுவாரம் கடையடைப்பு, அதற்கடுத்த வாரம் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தண்டோரா. டீச்சரின் வீட்டுக்காரர் நேசையன், பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர், இந்தக் கொதிப்புக்கு நடுவில்தான் லாரியை விட்டிறங்கி, பழைய நாலு கதவுக் கார் ஒன்றை வாங்கி, வாசலில் ‘நேசையன் மோட்டார் பள்ளி’ என்று பலகை மாட்டினார்.

மூன்று மாதத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் முதல் நாளோடு நின்றார்கள்.

களியக்காவிளை லாரி முதலாளி ஆள் அனுப்பினார்: திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். நேசையன் லாரிக்குத் திரும்பினால் மாதத்தில் இருபது நாள் மலைப்பாதையில் இருப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் டீச்சர் அந்தக் கணக்கைப் போதுமான அளவு பார்த்துவிட்டார். மூன்று மாதமாகத்தான் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து இரவுக் கஞ்சி குடிக்கிறார்கள்.

“ஆளு வரணும்னா நோட்டீஸ் அடிக்கணும்” என்றார் நேசையன். அவரே உட்கார்ந்து எழுதினார். டீச்சர் வாங்கிப் படித்தார்.

‘அபாயம்! அபாயம்! கவனக்குறைவால் தினம் எத்தனை மரணம்! பதினெட்டு வருஷ அனுபவம், மூன்று பெரிய விபத்துகளில் உயிர் பிழைத்த ஆசானிடம் கற்க வாரீர்!’

“கேட்டியளா, இத வாசிச்சா நானே வீட்ட விட்டு எறங்க மாட்டேன்.”

“பின்ன? அனுபவம் உண்டுன்னு சொல்லாண்டாமா?”

“விழுந்ததாக்கும் அனுபவமா? குடுங்க இஞ்ச.”

டீச்சர் பேனாவை எடுத்தார். ஒரு வரியும் வரவில்லை. ஓடிப்போன ஏழு பேரைக் கேட்காமல் எழுதினால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பொன்னப்பன். நாற்பத்துநான்கு வயது, ஓட்டுக் கம்பெனிக்கு மாட்டுவண்டியில் ஓடு ஏற்றுகிறவர். கம்பெனி லாரி வாங்கப் போகிறது; லைசென்ஸ் எடுத்தால் லாரி அவருக்கு, இல்லாவிட்டால் மாடும் அவரும் வீட்டுக்கு.

“காளை மனசு எனக்குத் தெரியும், என் மனசு காளைக்கும் தெரியும் டீச்சரே. இது ஒண்ணும் பேசாது. திடீர்னு சாடும்.”

“அதுக்கா நின்னீரு?”

பொன்னப்பன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஜங்ஷன் கலுங்குச் சுவருல வேலயில்லாம இருப்பானுவளே, அவனுவதான். வண்டி நின்னுபோச்சு. ‘எலே பொன்னப்பா, வால முறுக்குலே’ன்னு ஒருத்தன். இந்தப் பக்கம் ஆசான் கத்துதாரு. நான் என்ன செய்ய?”

அடுத்தது குளத்தூர்க் கடற்கரையில் ப்ளோரன்ஸ். பிரசவம் பார்க்கிறவர். தர்ம ஆஸ்பத்திரிக்கு யாரோ ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

“வள்ளத்துல எத்தன அலையிலயும் போவேன். பயமில்ல” என்றார் ப்ளோரன்ஸ். “ஆனா மூணு மிதி இருக்குல்லா, அதுல எது எதுன்னு ரெண்டாவது தடவ கேட்டேன். ஆசான் பாத்த பார்வை இருக்கே! அம்பது புள்ளய எடுத்துக் குடுத்த கையாக்கும் இது. அந்தக் கை அப்பிடி வெறைச்சுது.”

ஏழு பேரிடமும் பெரும்பாலும் இதே கதைதான், ஆள்தான் வேறு. காரைக் கண்டு பயந்தவர் இரண்டே பேர். மற்றவர்கள் பயந்தது பார்க்கிறவனையும் கத்துகிறவரையும்.

அன்று சாயங்காலம் டீச்சர் எழுதி முடித்தார். நேசையன் படித்துவிட்டுத் துள்ளினார்.

“எஞ்சின் ஓடாதா? எட்டி, வண்டி கேடுன்னு நினைப்பினும்!”

“நினைக்கட்டு.”

“சத்தம் போட மாட்டோம்னு போட்டிருக்கே. அச்சடிச்சா நான் பின்ன எப்பிடிப் படிப்பிப்பேன்?”

“அதாக்கும் நீங்க படிக்கணும்.”

“ரெண்டாவது பிரேக்கு உண்டுன்னு எழுதியிருக்கே, அது எங்க இருக்கு?”

“இல்ல. நாளைக்குப் பட்டறைக்குப் போயி வச்சுட்டு வாருங்க. அதுக்குப் பெறகுதான் நோட்டீஸு பிரஸுக்குப் போவும்.”

பாலராமபுரம் பட்டறைக்காரர் இடப்பக்க இருக்கைக்குக் கீழே ஒரு மிதியை வைத்து, அதை இரும்புக் கம்பியால் ஓட்டுநரின் பிரேக்கோடு இணைத்தார். நேசையன் அதை அழுத்திப் பார்த்தார். கார் சட்டென்று நின்றது. “இது முன்னயே இருந்திருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்கண்டாம்” என்று முனகினாராம். கத்தலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடம் சொல்லும்போது வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வது. கத்த வேண்டுமானால் முதலில் துப்ப வேண்டும். துப்புவதற்குள் கோபம் போய்விடும்.

நெய்யாற்றின்கரை பிரஸ்ஸில் அச்சுக் கோக்கிற கிரகோரி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மாதம் போலீஸ் இரண்டு தடவை வந்து போயிருந்தது.

“சமரம், போராட்டம்னு ஒண்ணும் இல்லல்லோ டீச்சரே?”

“வாசிச்சுப் பாரும்.”

“தமிழ் மேலயா, மலையாளம் மேலயா? எது மேல வந்தாலும் எனக்குக் கல்லெறி உண்டு.”

“மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. வாங்குறவன் திருப்பிக்கிடட்டும்.”

மஞ்சள் தாளில் ஐந்நூறு பிரதி. தமிழ்ப் பக்கம் இப்படி இருந்தது:

*முதல் நாள் எஞ்சின் ஓடாது.*
*நேசையன் மோட்டார் பள்ளி, பாறசாலை*

*முதல் நாள் நீங்கள் வண்டியில் உட்காருவீர்கள். அவ்வளவுதான். எந்த மிதி எதற்கு, எந்தக் கையை எப்போது நீட்டுவது என்று பழகுவீர்கள்.*

*ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கலாம். பதினோராவது தடவையும் பதில் உண்டு.*

*ஆசானின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. நீங்கள் மறந்தாலும் வண்டி நிற்கும்.*

*சத்தம் போட மாட்டோம். வயது தடையில்லை.*

*யாரும் பார்க்காத இடத்தில் பயிற்சி: செங்கல் கிராமத்து ஏலாக்கரை மைதானம், சனிக்கிழமை காலை ஏழு மணி.*

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஐந்நூறும் தீர்ந்தன. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டையே இரண்டு தடவை தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை வயலை ஒட்டிய ஏலாக்கரையில் கார் திரும்பியதும் நேசையன் பிரேக்கை மிதித்தார். மைதானத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. சாயாக்காரன் அடுப்பு மூட்டியிருந்தான். கடலைக்காரி கூடையோடு வந்திருந்தாள். ஜங்ஷன் கலுங்கில் இருப்பவர்கள் மொத்தமாக வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் பார்க்காத இடம் எது என்பதை ஐந்நூறு பேருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம் என்பது, காரில் ஏறாமல் நடந்தே வந்து சேர்ந்த டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

பொன்னப்பன் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றார். “டீச்சரே, நான் போறேன்.”

அதற்குள் ஏட்டு மோகனன் இரண்டு போலீஸ்காரர்களோடு சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் நோட்டீஸ்.

“எந்தா இவிடெ? அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு தெரியாதா?”

“கூட்டம் கூட்டல்ல சாரே. காரு படிக்கதாக்கும்” என்றார் நேசையன்.

“இருநூறு பேரா படிக்கினும்? இவங்க போகல்லன்னா காரு ஸ்டேஷனுக்கு வரும்.”

கார் ஸ்டேஷனுக்குப் போனால் திங்கட்கிழமை நேசையன் லாரியில் போவார். டீச்சர் ஏட்டின் கையிலிருந்த நோட்டீஸைத் திருப்பி மலையாளப் பக்கத்தைக் காட்டினார்.

“சாரே, அரைமணி நேரம் தாருங்க. முதல் வரிய வாசியுங்க. எஞ்சின் ஓடாது. ஓடாத வண்டிய எம்பிட்டு நேரம் பாப்பினும்?”

ஏட்டு முதல் வரியைப் படித்தார், கூட்டத்தைப் பார்த்தார், மணி பார்த்தார். “அரைமணி. ஒரு மினிட்டு கூடாது.”

டீச்சர் தென்னைமரத்துக்குப் போனார். “பொன்னப்பா, வண்டி அசையாது. நான் பொறுப்பு.”

பொன்னப்பன் ஏறினார். கூட்டம் கைதட்டியது.

“எலே, வால முறுக்குலே!”

“ஸ்டார்ட் ஆக்கு ஆசானே!”

“வண்டி கேடு மக்கா! தள்ளணுமா?”

வண்டி கேடு என்ற வார்த்தை நேசையனைச் சுட்டது. காரின் முன்னால் செருகிச் சுழற்றும் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரே சுழற்று, எஞ்சின் உறுமும், கூட்டம் வாயை மூடும். டீச்சர் ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடுங்கி, சேலைத்தலைப்பால் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எட்டி, தா.”

“அச்சடிச்சிருக்கு. ஓடாது.”

நேசையன் வாயைத் திறந்தார். வெற்றிலை. துப்பினார். துப்பி முடித்தபோது கத்துவதற்கு ஒன்றும் இல்லை. போய் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

பொன்னப்பன் கிளச்சை மிதித்தார், ஒன்றாம் கியர் போட்டார், எடுத்தார். மறுபடி மிதித்தார், போட்டார், எடுத்தார். வலது கையை வெளியே நீட்டினார். இது வலப்பக்கம் திரும்ப. கையை மேலும் கீழும் அசைத்தார். இது வேகம் குறைக்க. “பிரேக்கு எது ஆசானே?” “நடுவுல உள்ளது.” “பிரேக்கு எது?” “நடுவுல உள்ளது.” ஆறாவது தடவை கேட்டபோது வரப்பில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

“இதென்னலே, கொட்டகையில உக்காந்து படம் ஓடாத மாதிரி?”

ஏழேகாலுக்குக் கலுங்குக் கூட்டம் எழுந்தது. கலுங்கிலாவது பஸ் போகும். ஏழு இருபதுக்குக் கடலைக்காரி கூடையைத் தலையில் வைத்தாள். சாயாக்காரன் அடுப்பை அணைத்தான். லத்தியைத் தூக்காமல், சீட்டி ஊதாமல், இருநூறு பேர் தாமாகவே கலைந்து போவதை ஏட்டு மோகனன் தன் சர்வீஸில் முதல் தடவையாகப் பார்த்தார்.

ஏழரைக்கு மைதானத்தில் பதினொரு பேர் மிச்சம். ஏட்டு விரலால் எண்ணினார்.

“அஞ்சுக்கு மேல உண்டு. நீங்க எதுக்கு நிக்கிது?”

முன்னால் நின்ற கருப்பட்டி வியாபாரி ராஜையா தொண்டையைச் செருமினார். “வண்டி ஓடாதுன்னா... நானும் ஒருக்க இருந்து பாக்கட்டா?”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய கறுப்புக் குடை, குடைக்குள் ப்ளோரன்ஸ்.

சட்டம் சட்டம்தான். ஏட்டு நான்கு நான்கு பேராகப் பிரித்தார். நான்கு பேர் காரடியில், மற்ற இரண்டு கூட்டமும் மூன்று தென்னைக்கு அப்பால் தள்ளித் தள்ளி. காருக்குள் எல்லாரும் ஏறி இறங்கிக் கிளச் மிதித்து முடிக்கும்போது மணி பத்து. ப்ளோரன்ஸ் பிரேக் எதுவென்று எட்டுத் தடவை கேட்டார். எட்டுத் தடவையும் நேசையன் சிவந்த வாயோடு பதில் சொன்னார். ஒன்பதாவது தடவை அவர் கேட்கவில்லை, மிதித்தார். சரியான மிதிதான்.

திங்கட்கிழமை லாரி முதலாளியின் ஆள் வந்தபோது நேசையன் வீட்டில் இல்லை, மைதானத்தில் இருந்தார். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று டீச்சரே பதில் சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து நெய்யாற்றின்கரையில் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் பொன்னப்பன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினார். எஞ்சின் நின்றுபோனது. கை பிரேக்கை இழுத்து, கியரை எடுத்து, பதறாமல் இறங்கி ஹாண்டிலைச் சுழற்றி மறுபடி ஸ்டார்ட் செய்து, பின்னால் ஒரு அடிகூட உருளாமல் ஏறினார். நின்றுபோன வண்டியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு நல்ல பழக்கமாகியிருந்தது.

அடுத்த வருஷம் எல்லை விழுந்தது. பாறசாலை மலையாளப் பக்கம், களியக்காவிளை தமிழ்ப் பக்கம். மோட்டார் பள்ளிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். டீச்சர் நாற்பதாவது வயதில் காரில் ஏறினார், ஓட்டவும் ஓட்டினார். பிரேக் எதுவென்று எத்தனை தடவை கேட்டார் என்பதை நேசையன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை நோட்டீஸ் அடிக்கப் போனபோது, எதை மாற்ற வேண்டும் என்று கிரகோரி கேட்டார். டீச்சர் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்:

*பயிற்சி நடக்கும் இடம்: நேரில் வாருங்கள், காதில் சொல்கிறோம்.*