முதல் தட்டு

என் மனைவிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. காய்கறிக்காரர் நல்ல தக்காளியை மேலே வைத்து அழுகலை அடியில் தள்ளுவார் என்று கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். முட்டை வந்தால் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டு, மிதந்தால் திருப்பி அனுப்புவாள். நான் டப்பா கொடுக்கப் போய் பத்து நிமிடம் தாமதமானால், "எங்க நின்னு ஊர்க்கதை பேசினீங்க? சோறு வெயில்ல நின்னுச்சா நிழல்ல நின்னுச்சா?" என்று விசாரணை. கட்டின புருஷனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல!

ஆனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். பதினோரு வருஷமாக மெஸ் நடத்துகிறாள், ஒரு பையனுக்கும் வயிறு வலித்ததில்லை. அறுபத்து நான்கு பேருக்குச் சாப்பாடு. நாற்பத்தொன்று கல்லூரி ஹாஸ்டலுக்கு, மீதி ஆபீஸ் பக்கம் நாலு பேர் ஐந்து பேராக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளுக்கு. ஆளுக்கு இரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் பெயின்டில் நம்பர். பகல் டப்பாவைக் கொடுத்துவிட்டு முதல்நாள் ராத்திரி டப்பாவை எடுத்து வருவேன். ராத்திரி டப்பாவைக் கொடுக்கும்போது பகல் டப்பா காலியாகத் திரும்பும். ஹாஸ்டல் போய்விட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் என்றால் மூன்று பேர். நான், அவள், என் தங்கை. தங்கைக்கு நாற்பது வயதாகிறது, இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். புருஷன் போன பிறகு மாமியார் வீட்டில் கடைசியாகச் சட்டியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தவள். பிறகு வேறொரு மெஸ்ஸில் கொஞ்சநாள் சமையல் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

அன்றைக்கே என் மனைவி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். "தங்கச்சிதான், இல்லேங்கல. ஆனா போட்டி மெஸ்ல இருந்தவ. அவ செஞ்சதை அவளே முதல்ல சாப்பிடட்டும். ஏதாவது ஏடாகூடமா இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்." தங்கைக்குச் சூடாகச் சோறு கிடைக்கிறதே, காரணம் எதுவானால் என்ன என்று இருந்துவிட்டேன். கோழை, வேறென்ன!

மறுநாளிலிருந்து பதினொன்றரை மணிக்கு முதல் தட்டு பாப்பாவுக்கு. மேலே ஒரு கரண்டி, நடுவில் ஒரு கரண்டி, அடியைக் கிண்டி ஒரு கரண்டி என்று என் மனைவியே போட்டுக் கொடுப்பாள். பாப்பா ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். அது முடிந்து இருபது நிமிடம் கழித்துத்தான் டப்பாக்கள் நிரம்பும். முதல்நாள் தட்டை வாங்கும்போது அவள் கண் கலங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காய்கறிக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்: "எங்க அண்ணி எனக்குப் போட்டுட்டுத்தான் டப்பாவையே தொடுவாங்க. யார் வீட்டுல இப்படி நடக்கும்?"

போன வாரம் ஒரு காலை வார்டன் போன் செய்தார். இரண்டாம் மாடிப் பையன்கள் ஐந்து பேருக்கு விடிய விடிய வாந்தி. "இனிமே உங்க டப்பா கேட்டுக்குள்ள வரக்கூடாது."

என் மனைவி வீட்டையே கலக்கிவிட்டாள். முனையில் புதிதாகத் திறந்த மெஸ்காரன் வாட்ச்மேனைக் கைக்குள் போட்டுக்கொண்டானா? முட்டைக்காரன் பழசைக் கலந்துவிட்டானா? நான் வண்டியை எங்கேயாவது வெயிலில் போட்டுவிட்டு டீ குடித்தேனா? கடைசியில் பார்வை பாப்பாமேல் போய் நின்றது. "நேத்து குழம்பை இறக்கினது நீதானே?"

"ஆமா அண்ணி. நானும் அதைத்தானே சாப்பிட்டேன். குத்துக்கல் மாதிரி நிக்கிறேனே."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல்நாள் ராத்திரி ஹாஸ்டலிலிருந்து முப்பத்தாறு பகல் டப்பாதான் காலியாகத் திரும்பின. ஐந்து வரவில்லை. வழக்கமான சோம்பேறித்தனம் என்று விட்டுவிட்டேன். என் மனைவி நம்பர்களைக் கேட்டாள், சொன்னேன். ஐந்தும் இரண்டாம் மாடி. "பகல் சோத்தை ராத்திரி வரைக்கும் வெச்சுத் தின்னிருக்கானுங்க! கிளம்புங்க" என்றாள். மூன்று பேரும் போனோம்.

வார்டன் லேசில் மசிகிற ஆள் இல்லை. "ரூம்ல சாப்பாடு வெக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. வெக்கவே இல்லேன்னு அஞ்சு பேரும் சொல்றாங்க. அடிச்சட்டியில இருந்ததை அந்த அஞ்சு டப்பாவுல போட்டிருப்பீங்க. பகல்லயே கெட்டுப்போயிருக்கும்."

"பகல்ல கெட்டிருக்கவே முடியாது சார்," என்றாள் என் மனைவி.

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

நான் என் மனைவியின் கையைத் தொட்டேன். அவள் கவனிக்கவில்லை. நாற்பத்தொரு டப்பா கையைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் இருந்தாள்.

"ஒரு டப்பா வெளிய போறதுக்கு முன்னாடி இவளைச் சாப்பிட வெச்சுப் பாக்கறேன் சார். மேல, நடுவுல, அடியில எல்லாத்துலயும் எடுத்துக் குடுப்பேன். ஏதாவது ஆனா முதல்ல இவளுக்கு ஆகட்டும்னுதான். ஆறு வருஷமா ஒருநாள் விடல. இதோ நிக்கிறா, பாருங்க!"

வார்டன் பாப்பாவைப் பார்த்தார். "நிஜமாம்மா?"

பாப்பா என்னை ஒரு தடவை பார்த்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கக்கேடு.

"நிஜம்தான் சார்," என்றாள். "முதல் தட்டு எனக்குத்தான். நேத்தும் அடியில இருந்து எடுத்துத்தான் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

வார்டன் வாட்ச்மேனை மாடிக்கு அனுப்பினார். ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து நம்பர் போட்ட எங்கள் பகல் டப்பா வந்தது. பாதிச் சோறும் குழம்பும் அப்படியே இருந்தன. மூடியைத் திறந்ததும் வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்குமேல் பையன்களால் மறைக்க முடியவில்லை. மத்தியானம் பந்து விளையாடப் போய் வெளியே தின்றுவிட்டு, ராத்திரி பசியில் இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். "நாளையிலேர்ந்து வழக்கம்போல கொண்டாங்க" என்றார் வார்டன்.

திரும்பும்போது என் மனைவிக்கு முகமெல்லாம் வெற்றி. பாப்பா நாலடி பின்னால் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைத் தனியாகப் பிடித்து, பாப்பா முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று சீறினாள். பிறகு அவளுக்கே என்ன தோன்றியதோ, அன்று காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்காமலே வாங்கி வைத்தாள்.

மறுநாள் பதினொன்றரை. என் மனைவி முதல் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள், ஒன்றுதான் வழக்கம். "சாப்பிடும்மா" என்றாள். அப்படி அவள் குழைந்து நான் கேட்டதில்லை. பாப்பா பலகையைப் போடவில்லை. மேடையோரம் நின்றபடியே மளமளவென்று சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அறுபத்து நான்கு டப்பா வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வழக்கமாக அந்த இருபது நிமிடத்தில் அவள் மூடிகளைத் துடைத்து அடுக்குவாள்.

"ஏன் உட்காந்துட்ட? உடம்பு சரியில்லையா?" என்றாள் என் மனைவி.

"அதைத்தான் பாக்கறேன் அண்ணி. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். பத்து நிமிடமும் மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாப்பா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல. டப்பாவை நிரப்புங்க அண்ணி."