என் மச்சான் எந்தப் பாலிசியில் அடங்குவார்?

2023 நவம்பர் 6, திங்கட்கிழமை, உங்கள் நிறுவனம் ஒரே உறையில் எனக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பியது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. என் உணவகத்தில் கை வெந்துபோனவர் ஊழியர் அல்லர், எனவே பணியாளர் காயப் பாலிசியில் இழப்பீடு இல்லை என்றது முதல் கடிதம். அவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர், எனவே வெளியார் விபத்துக்கான பொதுப் பொறுப்புப் பாலிசியிலும் இழப்பீடு இல்லை என்றது இரண்டாவது. வேலை செய்யாதவர் என்று ஒரு கையால் தள்ளி, வேலை செய்தவர் என்று மறு கையால் தள்ளியிருக்கிறீர்கள். இதுவே என் குற்றச்சாட்டு.

முதல் கடிதத்தின் கடைசி வரி, ‘காயம்பட்டவருக்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள தொடர்பை விளக்கலாம்’ என்கிறது. விளக்குகிறேன். அதற்கு அவர் யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அவர் என் மனைவியின் தம்பி. வயது நாற்பத்தாறு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் இரண்டரை வரை அவருக்கு வேலை இல்லை. என் உணவகத்தில் எட்டு மேசைகள். கூட்டம் பதினொன்றரை முதல் இரண்டு வரை. ஆறு ஆண்டுகளாக அந்த நேரத்தில் அவர் எங்களோடு இருக்கிறார். தட்டு எடுப்பார், மாவு மூட்டை இறக்குவார், ஆள் குறைந்தால் அடுப்படியிலும் நிற்பார். ஒரு முறை சம்பளம் பேசினேன். மூன்று நாள் கடைப்பக்கமே வரவில்லை.

“அக்கா கையால சாப்பிடுறதுக்குக் கூலி வேற வாங்கணுமா? நாளைக்கு மாமா என்னை வேலையை விட்டுத் தூக்கினா, நான் அவரை மாமான்னு கூப்பிடுறதா, முதலாளின்னு கூப்பிடுறதா?” என்று என் மனைவியிடம் கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எதுக்கு அண்ணன்’. எதைப் பார்த்தாலும் “இது எதுக்கு?” என்பார். பேருந்தின் எஞ்சின் சத்தம் மாறினாலும் கேட்பார். என் மின்கட்டண ரசீதில் புதிதாக ஒரு வரி வந்தாலும் கேட்பார். பதில் கிடைக்கும் வரை விடமாட்டார். உடும்புப்பிடி.

2023 மார்ச் 14 அன்று உங்கள் முகவர் என் கடைக்கு வந்தார். கழுத்தில் உங்கள் நிறுவனத்தின் அடையாள அட்டை. ஆறாம் எண் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தை விரித்தார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவர் என் மச்சான்தான். வைத்துவிட்டுப் போகவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

“தீப்பிடிச்சாத் தருவீங்கல்ல? அடுப்புக்கு மேல புகை போற குழாய்ல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு பிடிச்சாலும் தருவீங்களா?”

முகவர் நிமிர்ந்து பார்த்தார். “தருவோம். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழாயைச் சுத்தம் பண்ணி, பண்ணினதுக்கு ரசீது வச்சிருக்கணும். இல்லன்னா சிக்கல்.”

“ரசீதா? மாமாகிட்ட அவர் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கின ரசீதே இருக்கு. சரி, திருட்டு? பூட்டை உடைக்காம ஒருத்தன் உள்ள வந்துட்டா?”

“உடைச்சதுக்கு அடையாளம் இருந்தாத்தான் அந்தப் பாலிசி. சாவி போட்டுத் திறந்து வந்தாத் தராது. உள்ள வேலை பாக்குறவங்களே எடுத்தா அதுக்குத் தனிப் பாலிசி.”

மச்சான் என்னைப் பார்த்தார். எங்கள் பின்கதவுச் சாவி, பால்காரர் காலையில் எடுப்பதற்காக, வெளியே மீட்டர் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டு, பால்காரரை முன்கதவுக்கு வரச் சொன்னோம்.

“தீப்பிடிச்சு ரெண்டு மாசம் கடை மூடிக் கிடந்தா, அந்த ரெண்டு மாச வருமானம்?” என்று தொடர்ந்தார்.

“அது தீ பாலிசிலேயே கூடுதலாச் சேர்த்துக்கணும், அண்ணே. நீங்களே எங்க ஆபீசுக்கு வந்துடுங்க, எனக்கு வேலை மிச்சம்” என்றார் முகவர். மூவரும் சிரித்தோம்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தீ, திருட்டு, பணியாளர் காயம், வாடிக்கையாளர் விபத்து ஆகிய நான்கையும் எடுத்தேன். எங்கள் உணவைத் தின்று ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதுவும் அடங்குமா என்று அவர் கேட்டதால்தான், அதைத் தனியே எழுதிச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கடையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு ஆளையும் பற்றிக் கேட்ட மனிதர், “அப்ப எனக்கு?” என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சம்பளம் வாங்காதவரை நாங்கள் வேலையாளாக நினைத்ததே இல்லை. தவறில் என் பங்கு அது, மறைக்க விரும்பவில்லை.

படிவத்தில் ‘சம்பளம் பெறும் ஊழியர்கள்’ என்ற இடத்தில் நான்கு என்று எழுதினேன். பதினான்காம் கேள்வி, ‘ஊதியமின்றி உதவும் குடும்பத்தினர் உண்டா?’ என்றிருந்தது. பேனாவை நிறுத்தி முகவரைக் கேட்டேன்.

“மச்சான் வந்து போவார். அவரை எழுதணுமா?”

“சம்பளம் இல்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார், சார். விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

விட்டேன். அந்தக் கட்டம் வெற்றாக இருந்தது. படிவத்தைக் கொடுப்பதற்கு முன், என் வழக்கப்படி, எதிர்க்கடையில் நகல் எடுத்தேன். நகலின் பின்புறம் அந்த நகல் கடையின் முத்திரை, தேதி, நேரம் இருக்கின்றன.

ஜூன் மாதத்தில் சாப்பிட வந்த ஒரு அம்மா கைகழுவும் இடத்தில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு விலகியது. மச்சான் ஓடிப்போய்த் தூக்கி, “மன்னிச்சுக்கங்கம்மா, எங்க த...” என்று தொடங்க, நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தவறு எங்களுடையது என்று நாங்களாக ஒப்புக்கொள்ளக் கூடாது, உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை.

“விழுந்தவங்களுக்கு ஆறுதல் சொல்றதுக்கும் பாலிசில தடையா மாமா?”

“ஆறுதல் சொல்லு. தண்ணி குடு. மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போ. தீர்ப்பை மட்டும் சொல்லாதே.”

அவர் அப்படியே செய்தார். தரை துடைத்த நேரங்களின் குறிப்பேட்டை நான் அனுப்பினேன். நீங்கள் அந்த அம்மாவுக்கு நியாயமாகக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லி நான் எழுதிய கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். நான் குறை மட்டுமே எழுதுகிறவன் அல்லன்.

செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. எட்டு மேசைகளும் நிறைந்திருந்தன. சமையல்காரர் இரண்டு கைகளிலும் வாணலிகளோடு நின்றார். பொரிக்கும் இயந்திரத்தில் உருளைக்கிழங்கு கருகத் தொடங்கியது.

“அண்ணே, அந்தக் கூடையைத் தூக்குங்க, சீக்கிரம்!” என்று அவர் கத்தினார்.

மச்சான் தூக்கினார். கூடையின் கைப்பிடி கழன்றது. கூடை எண்ணெய்க்குள் விழுந்து, எண்ணெய் அவருடைய வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தெறித்தது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்திருந்தோம். அப்போதும் அவர் கேட்டது, “கைப்பிடில ஒரு ஆணிதான் இருந்துச்சு, இன்னொண்ணு எங்க?” என்றுதான். கைப்பிடியை நான் உறையிலிட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அன்று மாலை நான்கு மணிக்கே உங்களுக்குத் தகவல் தந்தேன்.

பத்து நாள் கழித்து உங்கள் விசாரணையாளர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு மச்சான்; கால்மாட்டில் என் மனைவி.

“நீங்க அங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“வேலையெல்லாம் இல்லை சார். சும்மா உதவி.”

“அப்ப வாடிக்கையாளரா?”

“காசு குடுத்துச் சாப்பிட்டதில்லையே.”

விசாரணையாளர் எழுதுவதை நிறுத்தினார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஆறு வருஷமா மூட்டை தூக்குறான். இதுக்குப் பேர் சும்மாவா? உன் வாய்தான்டா உனக்கு எமன்!”

“அக்கா, சார் கேக்குறது நியாயமான கேள்வி. எனக்கே தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. நான் யாரு?”

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் பாலிசியை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கடை ஓய்ந்திருக்கும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, அகராதியை வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டுப் பக்கங்களை ஒன்பது நாளில் படித்தேன். ஏழாம் பக்கத்தில் விளக்கச் சொற்கள் உள்ளன. ‘ஊழியர்’ என்றால், காப்பீடு பெற்றவரின் தொழிலில், அவருடைய வழிகாட்டலிலும் கட்டுப்பாட்டிலும், ஊதியம் பெற்றோ பெறாமலோ பணிபுரியும் எவரும். ‘பெறாமலோ’ என்ற சொல்லைக் கண்டதும் அடுப்படிக்குப் போய்ச் சமையல்காரரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “அண்ணன் கேட்டதுக்குப் பதில் இதுலயே இருந்திருக்கே!” என்றார்.

மச்சான் ஊதியப் பட்டியலில் இல்லை என்கிறீர்கள். உண்மை. ஆனால் இருபத்திரண்டாம் பக்கப்படி, அந்தப் பட்டியல் பிரீமியத்தைக் கணக்கிடுவதற்கானது. ஆண்டு முடிவில் உண்மை நிலைக்கேற்பச் சரிசெய்யப்படும். அவருக்கு உரிய கூடுதல் பிரீமியத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.

பதினான்காம் கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று எழுதியதாகவும் சொல்கிறீர்கள். கடிதங்களோடு நீங்கள் அனுப்பிய படிவ நகலில் அந்தச் சொல் இருக்கிறது. என் நகலில் இல்லை. உங்கள் நகலில் மற்ற விடைகள் அனைத்தும் என் சாய்ந்த கையெழுத்து. அந்த ஒரு சொல் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை; அறிய விரும்புகிறேன். என் மச்சான் கொடுத்த தேநீரைக் குடித்து, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்ன முகவருக்கு, அப்படி ஒருவர் இருப்பது தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

இன்று மச்சானுடைய வலது கையின் நான்கு விரல்கள் உள்நோக்கி மடங்கி, தழும்பால் இழுபட்டு நிற்கின்றன. தழும்பை விடுவித்துத் தோல் ஒட்ட ஜனவரி 11 அன்று நாள் குறித்திருக்கிறார் மருத்துவர். முன்பணம் கட்டினால்தான் அந்த நாள் உறுதி. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாதவருக்காக இந்தப் பருவம் முடியும் வரைதான் பள்ளி நிர்வாகம் காத்திருக்கும்.

உங்கள் அலுவலகத்திலிருந்து இருமுறை தொலைபேசியில் அழைத்து, “பேசித் தீர்த்துக்கலாம் சார்” என்றார்கள். பேச்சு காற்றோடு போகும். எனவே, பாலிசியின் எந்தப் பக்கம், எந்த வரியின்படி அவர் ஊழியர் அல்லர் என்பதையும், பதினான்காம் கேள்விக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதியவர் யார், எந்தத் தேதியில் என்பதையும், முடிவை மாற்றுகிறீர்களா இல்லையா என்பதையும், இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள், பொறுப்பான அலுவலரின் பெயரும் கையொப்பமும் இட்டு, எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்குமாறு கோருகிறேன்.