பிரேக்கம்மாவுக்கு வராமல் போன சொல்

பத்தொன்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பயிற்றுநர் பக்கம் காலடியில் ஒரு பிரேக், வாயில் ஓயாமல் ஒரு "பிரேக்!". அதனால் பிரேக்கம்மா. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. வயது நாற்பத்தெட்டு.

அன்று ஓட்டியவர் ஒரு கணக்கு டீச்சர், ஏறக்குறைய அதே வயது. முன்னால் குப்பை லாரி நின்றது. பிரேக்கம்மா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

"அது... அதை அமுக்குங்க."

சொன்ன பேச்சைத் தட்டாத டீச்சர் அமுக்கினார், ஆக்சிலேட்டரை. நல்லவேளை, பிரேக்கம்மாவின் காலுக்கு மறதி இல்லை. லாரிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

ஆறு மாதமாகவே இப்படித்தான். மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜில் கிடந்தது. கணவரை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவரும் வந்தார். மூளை மழுங்கும் நோய்தான் என்று முடிவுகட்டி, வேலையை விடக் கடிதம் எழுதினார். அதை எங்கே வைத்தோமென்று மறந்துபோனதால்தான் வேலை தப்பியது.

"முதல்ல டாக்டரைப் பாப்போம்" என்றார் கணவர்.

"தெரிஞ்ச ரோட்டுல வழி தவறினது உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நானா?" பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்றது.

"மாதவிலக்கு?"

"மூணு மாசமா ஆளையே காணோம்."

"தூக்கம்?"

"அனல் அடிச்சு, நனைஞ்சுபோய் முழிச்சுக்கிறேன். தூங்கலாமேன்னு தினமும் ஒரு சளி மாத்திரை போடுறேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மனச்சோர்வு உண்டா என்று விசாரித்தார், சில சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். மறுவாரம் முடிவுகள் வந்தன.

"தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் சரியா இருக்கு. பி12 குறைவு, அதை ஏத்திடுவோம். மாதவிலக்கு நிக்கப்போற வயசுல ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். தூக்கமும் கெட்டா, வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடும். நிறையப் பேருக்குப் போகப்போகச் சரியாகும். சளி மாத்திரையை விடுங்க, அதுவும் மந்தமாக்கும். அனலுக்கு மருந்து இருக்கு, பேசுவோம். மூணு மாசத்துல மறுபடி பாக்கணும். மறதி கூடினா உடனே வாங்க."

"அப்போ அந்த நோய்...?"

"அதுக்கான அறிகுறி எதுவும் தெரியல. வேலையைப் பாருங்க."

பிரேக்கம்மா அழுதுவிட்டார். அழுததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "வார்த்தை வரலேன்னா முன்னால டேஷ்போர்டுல தட்டுவேன். தட்டினா நிறுத்திடுங்க."

பிரேக்கம்மா தட்டாமலேயே டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "ஏழாம் வாய்ப்பாடு பாதியில நின்னுபோச்சு, நேத்து, நாற்பது பசங்க முன்னாடி. யார்கிட்டயும் சொல்லல. அந்த டாக்டர் பேரு என்ன?"

பிரேக்கம்மா வாயைத் திறந்தார். மூடினார்.

"பேரு வரல. வழி தெரியும். வண்டியை எடுங்க."