முப்பது செகண்டில் மதியச் சாப்பாடு

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜமால் பாய் நடத்தும் ஹோட்டலில் பத்தொன்பது வருஷமாக மதியப் பந்தியைப் பார்த்துக்கொள்பவர் லூர்துராணி. ஆபீஸ்காரர்கள் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. புதிதாக வைக்கும் காம்போவும் எடுபடவில்லையென்றால் அடுத்த மாதம் ஹாலை மூடிவிட்டுப் பார்சல் மட்டும் என்று பாய் சொல்லிவிட்டார். ஹால் இல்லையென்றால் லூர்துராணிக்கும் வேலை இல்லை.

காம்போவுக்கு முப்பது செகண்ட் விளம்பர வீடியோ எடுக்க வந்தவன் சித்தார்த்தன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, போனில் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்டைப் பாதிரியார் பூசை வைப்பதுபோல் வாசித்தான்.

"முதல்ல காவேரி, மேலேருந்து. அடுத்து மலைக்கோட்டை. பின்னாடி குரல் வருது, 'பசி ஒரு பயணம்...'"

"பயணம் போறவன் பஸ் ஏறிடுவான் தம்பி. சோறு எப்ப வரும்?" என்றார் லூர்துராணி.

"பதினெட்டாவது செகண்டுலக்கா. ஃபீல் வேணும்ல?"

"அதுக்குள்ள அவன் விரலால தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிருவான்."

பாய் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டில் மிஞ்சுவது எங்கே தெரியப்போகிறது?

சித்தார்த்தன் கடைசி வரிக்கு வந்தான். "திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சிக்கன் காம்போ, நூத்தி முப்பதே ரூபாய்!"

அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு லூர்துராணிக்கு நின்றுபோனது.

"தினமுமா? செவ்வாயும் வெள்ளியும் பாதி ஆபீஸ் கவிச்சி தொடாது. இப்ப தவக்காலம் வேற. எங்க சர்ச்சு ஆளுங்க வெள்ளிக்கிழமை கறி இருக்கற பக்கமே திரும்ப மாட்டாங்க. நீ எந்த ஊருப்பா?"

"உறையூர்தான்க்கா."

"உறையூர்ல இருந்துக்கிட்டா இப்படி எழுதினே? பாய், நீங்களுமா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்குத் தோணல ராணி."

"தோணாது."

பழைய பில்லின் பின்பக்கத்தில் லூர்துராணியே எழுதினார். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்து, கோணலாகத்தான் இருந்தது. எடுத்த எடுப்பில் தட்டும் விலையும். திங்கள், புதன், வியாழன் சிக்கன் குழம்பு. செவ்வாய், வெள்ளி உருளை வறுவலும் கூட்டும். உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் தட்டு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை. கடைசியில் ஹோட்டல் பெயரும் இடமும்.

"ஆபீஸ்ல சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பாப்பாங்க. எல்லாத்தையும் பெரிய எழுத்துல போட்டுடறேன்க்கா" என்றான் சித்தார்த்தன்.

அந்த ஒரு புத்திக்காக அவனுக்கு ஒரு டீ சொன்னார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு, எங்கே சாப்பிடலாம் என்று ஆபீஸ்களில் பேச்சு கிளம்பும் நேரத்தில், வீடியோவைப் போட்டார்கள். அன்றைக்குச் சுமார்தான். செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு ஹாலில் உட்கார நாற்காலி இல்லை. கழுத்து அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஆளாளுக்கு வறுவல் கேட்டார்கள். ஒன்றரைக்கு வறுவல் சட்டி காலி.

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ராணி, வெள்ளிக்கிழமைக்கு உருளை பத்து கிலோ கூடச் சொல்லவா?"

"ஹாலை மூடறேன்னீங்களே, அதுக்கு மொதல்ல பதிலச் சொல்லுங்க."

"மூடலம்மா."

"அப்ப சொல்லுங்க, பத்து கிலோ."