ஐந்தில் இரண்டு

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடையில் போன வாரம் வண்ணத்தாள் வாங்கினேன். கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் கோந்தும் கலந்தாற்போல் ஒரு வாசனை. நின்ற இடத்திலேயே எனக்குக் காதடைத்துப் போனது. உங்களுக்கும் ஏதாவது ஒரு வாசனை இப்படிச் செய்யுமாயிருக்கும். எனக்குக் கேட்பது ஒரு கோரஸ்: “புரிஞ்சிச்சி டீச்சர்!”

பல வருஷங்களுக்கு முன், பாரிவாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளி. ஆறாம் வகுப்புக் கணக்குக்கு என்னை எடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த வகுப்புக்கு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். “காலாண்டு வரைக்கும் பாப்போம்மா” என்றார் தலைமையாசிரியை. பார்ப்பது என்னையா, பிள்ளைகளையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

முதல் பாடம் பின்னக் கூட்டல். கஞ்சி போட்ட காட்டன் சேலை. அதைவிட விறைப்பாக நான். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்த பேச்சு முழுக்க மனப்பாடம். பகுதி, தொகுதி, மீச்சிறு பொது மடங்கு என்று கரும்பலகையை நிரப்பினேன். திரும்பிப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம், சொல்வதற்கு ஒன்றுமில்லை. புரிந்ததா என்றேன். அந்தக் கோரஸ் அப்போது வந்ததுதான். சந்தோஷமாக, அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன்.

பெஞ்சு பெஞ்சாகப் போனேன். எல்லா நோட்டிலும் ஐந்தில் இரண்டு. மேல் எண்ணோடு மேல் எண்ணையும், கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டிவிட்டார்கள். பலகையில் இருந்ததையே மறுபடி, இன்னும் உரக்கச் சொன்னேன். பின்னால் டப்பா உருளும் சத்தம், சிரிப்பு. கடைசி பெஞ்சில் சலீமா மட்டும் சிரிக்கவில்லை. எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. தன்மேல்தான் தப்பு என்று முடிவு செய்துவிட்ட முகம். அதைப் பார்த்தபின் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை அழிக்க ஆரம்பித்தேன்.

ஆசிரியர் அறையில் அறிவியல் எடுக்கும் மும்தாஜ், என் வயதுக்காரி, டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பை வாங்கிப் படித்தாள்.

“எல்லாம் நீயே பேசிகினு கீறியே. நீ பேசுறப்ப புள்ளைங்க இன்னா பண்ணும்?”

“கவனிக்கும்.”

“எவ்ளோ நேரம்டி கவனிக்கும்?”

வீட்டுக்குப் போய்த் தாளை நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் நான் செய்வது, வலது பக்கம் அவர்கள் செய்வது. முதல் நாள் பாடத்தை அதில் நிரப்பினால் வலது பக்கம் வெறுமையாக இருந்தது. இந்த முறை வலது பக்கத்தை முதலில் எழுதினேன். பாடத்துக்கு ஒரே நோக்கம்: கீழே இருக்கும் பகுதிகள் ஒன்றாகாமல் ஏன் கூட்டக்கூடாது என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கே தப்பு வரும் என்பதுதான் தெரிந்துபோயிற்றே; அந்தத் தப்புக்கே பாடத்தில் ஓர் இடம் ஒதுக்கினேன். வண்ணத்தாளைப் பட்டைகளாக வெட்டினேன்; மூன்றாக மடிப்பது கஷ்டம் என்பதால் மடிப்புகளை முன்பே போட்டேன். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு தனியே.

மறுநாள் வண்ணத்தாள் பட்டைகள், எல்லாம் ஒரே நீளம். அரை பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று முதலில் கேட்டேன். சிலர் மூன்றில் ஒன்று என்றார்கள். பட்டையை மடித்து அவர்களே சரிசெய்துகொண்டார்கள். பிறகு முந்தைய நாள் அவர்கள் போட்ட விடைப்படியே, ஐந்தாக மடித்த பட்டையில் இரண்டு பங்குக்கு வண்ணம் தீட்டி, அரைப் பட்டையின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. “டீச்சர், பாதியே இத்தவிட பெர்சா கீது. இன்னும் சேத்தா எப்டி சின்னதாவும்?”

சலீமா. வகுப்பே திரும்பியது. பக்கத்துப் பெண், “துண்டு ஒரே அளவு இல்லியே, எப்டி எண்றது?” என்றாள். ஆறாக மடித்தோம். அரையில் மூன்று துண்டு, மூன்றில் ஒன்றில் இரண்டு துண்டு, ஆக மொத்தம் ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். போகும்போது ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரு கணக்கு. சிலர் அப்போதும் தப்பாகத்தான் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் பாடம் அந்தத் தாள்களிலிருந்து தொடங்கியது.

காலாண்டு தாண்டியும் என்னை நிறுத்தவில்லை. சலீமாதான் விடுமுறைக்குப் பின் வரவில்லை. “அவுங்க முத்தாபுதுப்பேட்ட பக்கம் ஊடு மாறிட்டாங்க டீச்சர்” என்றார்கள். அங்கே வேறு பள்ளியில் சேர்த்தார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றும் ஒரு வகுப்பு ஒரே குரலில் புரிந்தது என்றால் எனக்குக் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் மேலே போக முடிவதில்லை.

மாங்காட்டுக்குப் போகும்போது ஒருநாள் பாரிவாக்கத்தில் இறங்கிப் பார்த்தேன். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடி, இடித்து, அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மும்தாஜின் பழைய ஃபோன் எண்ணில் யாரும் எடுப்பதில்லை. ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. அந்த உயரத்தில் இப்போது யாருடைய பால்கனியிலோ துணி காய்கிறது.